916 என்று பொறித்திருந்தால் மட்டும் போதுமா?

நகைக்கடையில் இன்றும் காதில் விழும் உரையாடல் இது. "916தானே?" என்று வாங்குகிறவர் கேட்பார். "ஆமாங்க, 916 கேடிஎம்" என்று விற்பனையாளர் சொல்வார். இரண்டு பேருக்கும் திருப்தி. ஆனால் கேள்வியும் பழையது, பதிலும் பழையது. 916 என்ற மூன்று எண்களை மட்டும் நகையில் பொறிக்க யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை. ஒரு அச்சும் சுத்தியலும் இருந்தால் போதும். கேடிஎம் என்பதோ தங்கத்தின் தரத்தைச் சொல்லும் முத்திரையே அல்ல.

கேடிஎம் கதையை முதலில் முடித்துவிடலாம். நகையின் பாகங்களை ஒட்டவைக்கப் பொற்கொல்லர்கள் ஒரு பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். பழைய முறையில் அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் கணிசமாக இருந்ததால், பற்றவைத்த இடங்களில் தங்கத்தின் தரம் இறங்கும். நிறைய இணைப்புகள் உள்ள நகையை உருக்கினால் சொன்ன தரம் நிற்காது. அதற்கு மாற்றாக வந்ததுதான் தங்கத்தோடு காட்மியம் கலந்த பொடி. சூட்டில் காட்மியம் பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்பதால் தரம் அதிகம் குறையாது. அந்தக் காட்மியத்தின் சுருக்கம்தான் கேடிஎம். அதன் புகை பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. ஆக, கேடிஎம் சொல்வது எதை வைத்துப் பற்றவைத்தார்கள் என்பதை மட்டுமே. நகையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி அல்ல. இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், அதை முத்திரையாக ஏற்பதும் இல்லை.

சரி, சட்டம் ஏற்கும் முத்திரை எது? இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது கடைக்காரரின் விருப்பமாகவே இருந்தது. 2021 ஜூன் மாதம்தான் அது கட்டாயமானது. முதலில் குறிப்பிட்ட மாவட்டங்களில் தொடங்கி, பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் முறை தொடங்கியது. எச்யூஐடி என்று கடைகளில் சொல்வது இந்த எண்ணைத்தான். 2023 ஏப்ரல் 1 முதல், இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்று விதி வந்தது. அறிவித்து வைத்திருந்த பழைய இருப்பை விற்றுத் தீர்க்கச் சில கடைகளுக்கு மட்டும் இன்னும் மூன்று மாதம் கிடைத்தது. அந்தக் கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

எனவே இன்று கடையில் வாங்கும் நகையில் மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று, பிஐஎஸ்ஸின் முக்கோணச் சின்னம். இரண்டு, தரக்குறி. 22 காரட் என்றால் அது 22K916 என்று இருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். மூன்றாவது, ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது முழுமையான ஹால்மார்க் அல்ல. பாட்டி கொடுத்த சங்கிலியிலோ பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய வளையலிலோ நான்கு குறிகள் இருக்கலாம். சின்னம், தரம் ஆகியவற்றோடு சோதனை மையத்தின் குறியும் கடையின் குறியும் சேர்ந்த பழைய முறை அது. அது வீட்டில் இருப்பதில் தவறில்லை, விற்கவும் தடையில்லை. ஆனால் இன்று ஒரு கடை புதிய சரக்கு என்று சொல்லி அதே நான்கு குறி நகையை நீட்டினால், ஏன் என்று கேட்க வேண்டும்.

தரக்குறியைப் படிக்கும்போது முதல் இரண்டு இலக்கத்தையும் பாருங்கள். வைரம் பதித்த நகைகள் பெரும்பாலும் 18K750 அல்லது 14K585 தரத்தில் வருகின்றன. 2025இல் 9K375 என்ற குறைந்த தரமும் பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாமே உண்மையான ஹால்மார்க் நகைகள்தாம், ஏமாற்று இல்லை. ஆனால் 18 காரட் நகையை 22 காரட் விலைக்கு வாங்கினால் ஏமாந்ததுதான். முத்திரை உண்மையாக இருந்தும் பணம் போகும் இடம் அது.

முத்திரை மிகச் சிறியது. மோதிரத்தின் உள்வளையத்திலும், சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்திலும், வளையலின் உட்புறத்திலும் லேசரால் பொறித்திருப்பார்கள். வெறும் கண்ணால் படிக்க முடியாது. அதனால்தான் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. "லென்ஸ் கொடுங்கள்" என்று கேட்பது கடைக்காரரைச் சந்தேகிப்பதாகாது. அது வாங்குகிறவரின் உரிமை. கல்யாண நகை எடுக்கப் போகும்போது மாமியார், நாத்தனார் எல்லோரும் டிசைனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவராவது லென்ஸ் வேலையைப் பார்க்கலாம்.

எண்ணைப் படித்தாயிற்று. அடுத்து அது உண்மையா என்று பார்க்க வேண்டும். பிஐஎஸ்ஸின் BIS CARE என்ற இலவசச் செயலியை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்சய திருதியை நெரிசலில் கடைக்குள் சிக்னல் கிடைக்காது. செயலியில் Verify HUID என்ற இடத்தைத் தொட்டு ஆறு இலக்கத்தையும் தட்டினால் விவரங்கள் வரும். நகையை ஹால்மார்க்குக்கு அனுப்பிய நிறுவனத்தின் பதிவு, சோதனை செய்த மையம், ஹால்மார்க் செய்த தேதி, நகையின் வகை, தரம் எல்லாம் அதில் இருக்கும்.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். திரையில் ஏதோ விவரம் வந்ததும் "வந்துவிட்டது, சரிதான்" என்று கைபேசியை மூடிவிடுகிறார்கள். எண் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அந்த எண் கையில் இருக்கும் இந்த நகைக்கு உரியதா என்பது மீதிப் பாதி. செயலி மோதிரம் என்று காட்டி, உங்கள் கையில் இருப்பது சங்கிலி என்றால், யாரோ ஒரு மோதிரத்தின் எண்ணை எடுத்துச் சங்கிலியில் பொறித்திருக்கிறார்கள். செயலி 18 காரட் என்று காட்டி, நகையில் 22K916 என்று இருந்தாலும் அதே கதைதான். எனவே வகையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கைபேசியை மூட வேண்டும்.

நிறுவனத்தின் பெயரில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நீங்கள் நிற்கும் கடையின் பெயருக்குப் பதில் வேறு பெயர் வந்தால் உடனே பதற வேண்டாம். மொத்த வியாபாரியோ உற்பத்தியாளரோ தன் பதிவில் ஹால்மார்க் வாங்கிவிட்டுச் சில்லறைக் கடைக்கு விற்பது வழக்கம்தான். ஏன் வேறு பெயர் என்று கேளுங்கள், நேரான பதில் வந்தால் போதும். எண்ணுக்கு விவரமே வரவில்லை என்றால், முதலில் படித்தது சரிதானா என்று மறுபடி லென்ஸில் பாருங்கள். அந்த அளவில் O எழுத்தும் 0 எண்ணும், B எழுத்தும் 8 எண்ணும் ஒன்றுபோலத் தெரியும். விற்பனையாளரையே அவர் கைபேசியில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்த நகை வேண்டாம். "சர்வர் டவுன், நாளைக்கு வந்துவிடும்" என்றால் நாளைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

செயலிக்கும் ஓர் எல்லை உண்டு. அது எண்ணைத்தான் சரிபார்க்கிறது, உலோகத்தை அல்ல. ஒரு உண்மையான சங்கிலியின் எண்ணை அதே தரம் என்று சொல்லப்படும் இன்னொரு சங்கிலியில் பொறித்தால் செயலி இரண்டுக்கும் "சரி" என்றுதான் சொல்லும். உண்மை முத்திரை உள்ள சிறு துண்டை வெட்டிக் குறைந்த தரச் சங்கிலியில் பற்றவைக்கவும் முடியும். முத்திரை இருக்கும் தகட்டைச் சுற்றிப் புதிதாக ஒட்டிய தடம் இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று லென்ஸில் ஒரு நொடி பாருங்கள்.

கடையில் இருக்கும் காரட் மீட்டருக்கும் எல்லை உண்டு. நகையை ஒரு பெட்டிக்குள் வைத்து, அரை நிமிடத்தில் 91.6 என்று திரையில் காட்டுவார்கள். அது எக்ஸ் கதிரால் நகையின் மேற்பரப்பைப் படிக்கும் கருவி. மேலே மெல்லிய அடுக்கை மட்டுமே அது பார்க்கும். கனமாகத் தங்கம் பூசிய வேறு உலோகமானால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. உடனடி அறிகுறிக்கு அது நல்லது, இறுதித் தீர்ப்புக்கு உதவாது.

இறுதித் தீர்ப்பு நெருப்பில்தான். ஹால்மார்க் மையங்களில் செய்யும் சோதனையில், நகையிலிருந்து சிறு துகளைச் சுரண்டி எடுத்து எடை போடுவார்கள். அதோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, சிறு கிண்ணம் ஒன்றில் வைத்து உலையில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பு போன்ற கலப்பு உலோகங்களும் கிண்ணத்தில் ஊறிப் போய்விடும். தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி மிஞ்சும். அதை அடித்துத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் கரைந்துவிடும். கடைசியில் நிற்பது தங்கம் மட்டும். அதன் எடையை முதலில் எடுத்த துகளின் எடையோடு ஒப்பிட்டால் தரம் தெரிந்துவிடும். ஆனால் மையத்துக்கு வரும் ஒவ்வொரு நகையையும் இப்படிச் சுரண்டுவதில்லை. ஒரு தொகுதி நகைகளில் சிலவற்றிலிருந்து மட்டுமே மாதிரி எடுப்பார்கள். முத்திரை உண்மையானதாக இருந்தும் ஒரு தனி நகையில் தரம் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு என்பது இதனால்தான். அந்த வாய்ப்பைச் சட்டம் எதிர்பார்த்தே இழப்பீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அந்த வழியின் சாவி பில்லில் இருக்கிறது.

ஹால்மார்க் நகையின் பில்லில் நான்கு விவரங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு நகையும் என்ன என்ற விவரிப்பு, தங்கத்தின் நிகர எடை, காரட்டும் ஆயிரத்துக்கு இத்தனை என்ற எண்ணும் சேர்ந்த தரம், ஹால்மார்க் கட்டணம். "கோல்டு ஆர்னமென்ட்ஸ், 20 கிராம்" என்று ஒற்றை வரியில் எழுதித் தருவது பில்லே அல்ல என்பேன். எச்யூஐடி எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த பில் இந்த நகைக்கு உரியது என்று நாளை காட்ட முடியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கல் பதித்த நெக்லஸ் ஒன்று. தராசில் மொத்த எடை 20.450 கிராம். அதில் கல்லும் அரக்கும் 1.250 கிராம். நிகரத் தங்கம் 19.200 கிராம். கணக்கு எளிதாக இருக்க, அன்றைய 22 காரட் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 1,92,000 ரூபாய். செய்கூலி சேதாரம் சேர்த்து 10 சதவீதம் என்றால் 19,200. கல்லின் விலை 3,000. கூட்டினால் 2,14,200. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 6,426 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 53 ரூபாய் 10 காசு. ஆக மொத்தம் 2,20,679 ரூபாய் 10 காசு. தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் பான் எண் கேட்பார்கள், முழுவதையும் ரொக்கமாக வாங்கவும் மாட்டார்கள்.

இப்போது அதே நெக்லஸை மொத்த எடைக்கு பில் போட்டால் என்ன ஆகும்? 1.250 கிராம் கல்லுக்கும் அரக்குக்கும் தங்கத்தின் விலையில் 12,500 ரூபாய். அதன் மேல் செய்கூலி சேதாரம் 1,250. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 412 ரூபாய் 50 காசு. கூட்டினால் 14,162 ரூபாய் 50 காசு, கல்லின் விலை 3,000 தனியாகக் கொடுத்த பிறகும். தங்கத்தின் தரத்தில் யாரும் கை வைக்கவில்லை, ஹால்மார்க் உண்மையானது, எச்யூஐடியும் சரியாக இருக்கிறது. ஆனாலும் பணம் போய்விட்டது. பில்லில் "மொத்த எடை", "கல் எடை", "நிகர எடை" என்று மூன்று இடங்களும் இருக்கின்றனவா, விலை எந்த எடைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஹால்மார்க் கட்டணத்தையும் கவனியுங்கள். அது எடைக்கு ஏற்ப மாறாது. ஐந்து கிராம் மோதிரமோ எண்பது கிராம் ஆரமோ, ஒரு நகைக்கு 45 ரூபாய்தான். கிராமுக்கு இவ்வளவு, விலையில் இத்தனை சதவீதம் என்று யாராவது கணக்கு சொன்னால் அது ஹால்மார்க் கட்டணம் அல்ல.

சந்தேகம் வந்தால், பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற எந்த மையத்துக்கும் பொதுமக்களே நகையைக் கொண்டு போய்ச் சோதிக்கலாம். நான்கு நகைகள் வரை 200 ரூபாய், அதற்கு மேல் நகைக்கு 45 ரூபாய், வரி தனி. சோதனை முடிந்ததும் அறிக்கை தருவார்கள். சோதனைக்குச் சிறு துகள் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நம் நெக்லஸை அப்படிச் சோதித்ததில் 916க்குப் பதில் 880 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 36 பங்கு குறைவு. தரத்தில் கீழ்நோக்கிய சலுகை எதுவும் இல்லை என்பதால் இந்தக் குறைவு குறைவுதான். 19.200 கிராமுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.69 கிராம் சுத்தத் தங்கம் குறைகிறது. நாம் வைத்துக்கொண்ட விலையில் அது சுமார் 7,500 ரூபாய். பிஐஎஸ் விதிகள் 2018இன்படி, குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும். அதாவது சுமார் 15,000 ரூபாயும் சோதனைச் செலவும். இந்தக் கணக்கைப் போட என்னென்ன தேவைப்பட்டன என்று பாருங்கள். சொன்ன தரமும் நிகர எடையும்தான். இரண்டும் பில்லில் இல்லாவிட்டால் 36 பங்கை எதிலிருந்து கழிப்பது, எந்த எடைக்குப் பெருக்குவது?

"பில் வேண்டாம் என்றால் மூன்று சதவீதம் மிச்சம்" என்று சொல்லி வெறும் எஸ்டிமேட் சீட்டைக் கொடுக்கும் பேரத்தின் உண்மை விலையும் இதில் தெரிகிறது. நம் உதாரணத்தில் 6,426 ரூபாய் மிச்சம். அதற்குப் பதிலாகக் கைவிடுவது இழப்பீடு கேட்கும் வழியை மட்டுமல்ல. நாளைக்கு அதே கடையில் மாற்றப் போனாலும், அவர்கள் சொல்வதே தரம், அவர்கள் சொல்வதே கழிவு.

எல்லா நகைக்கும் ஹால்மார்க் கட்டாயம் இல்லை. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகள், குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த சிறு கடைகளுக்கும் விலக்கு உண்டு. மூக்குத்தியும் குழந்தையின் சின்னத் தோடும் முத்திரை இல்லாமல் வருவது இதனால்தான். அதை மோசடி என்று நினைக்க வேண்டாம். ஆனால் முத்திரை சொல்லாததை பில்தான் சொல்ல வேண்டும். காரட், தரம், நிகர எடை மூன்றையும் அங்கே எழுதி வாங்குவது இன்னும் முக்கியம். திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்று வாயால் சொன்னதையும் அதே பில்லில் எழுதச் சொல்லலாம்.

குறை இருந்து கடை மறுத்தால், BIS CARE செயலியிலேயே புகார் பதிய இடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம். இரண்டு இடத்திலும் கேட்கும் முதல் ஆவணம் பில். பல கடைகள் பில்லை வெப்ப அச்சுத் தாளில் தருகின்றன, ஓரிரு ஆண்டில் அந்த எழுத்து மங்கிவிடும். ஆகவே கடையை விட்டு இறங்கும் முன் பில்லையும் லென்ஸ் வழியாக முத்திரையையும் செயலித் திரையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.